ரிவ்யூ சொல்றது ஒண்ணு, ஸ்டடி சொல்றது ஒண்ணு: குறைமாசக் குழந்தைக்குப் போடற ஊசியை வச்சு ஒரு விளக்கம்

என் சித்தி பொண்ணுக்கு 31-வது வாரத்துலயே வலி வந்துடுச்சு. ஆஸ்பத்திரியில சேர்த்த உடனே டாக்டர் ஸ்கேன் பாத்துட்டு, குழந்தையோட நுரையீரல் முதிர்றதுக்குன்னு டெக்ஸாமெதசோன்ங்கற ஸ்டீராய்டு ஊசி ஆரம்பிச்சுட்டாங்க, 12 மணி நேரத்துக்கு ஒண்ணு, மொத்தம் நாலு. ராத்திரி பதினொரு மணிக்கு மாப்பிள்ளை எனக்கு போன் பண்றார். நான் மெடிக்கல் காலேஜ்ல ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுக்கறவன், அதனால வீட்டுல யாருக்கு எந்தப் பேப்பர் புரியலைன்னாலும் என்கிட்ட தான் வரும். "மச்சான், ரெண்டு லிங்க் அனுப்பியிருக்கேன் பாருங்க. ஒண்ணுல இந்த ஊசி போட்டா குழந்தை சாவு குறையுதுன்னு போட்டிருக்கான், இன்னொண்ணுல ஊசி கொடுத்த ஊர்கள்ல சாவு கூடியிருக்குன்னு போட்டிருக்கான், அதுல நம்ம இந்தியாவும் இருக்கு. எதை நம்பறது?"

முதல் லிங்க், மருத்துவ ட்ரையல்களைத் தேடிச் சேர்த்துப் பாக்கற காக்ரேன்ங்கற அமைப்போட ரிவ்யூ. ரெண்டாவது 2015-ல லான்செட் மெடிக்கல் ஜர்னல்ல வந்த ஒரு ட்ரையல். ரெண்டுலயும் பொய் கிடையாது. ரெண்டும் வேற வேற கேள்விக்குப் பதில், அவ்வளவுதான். ஆனா அதை போன்ல அஞ்சு நிமிஷத்துல சொல்ல வரலை, அதான் இப்ப உக்காந்து எழுதறேன்.

கதை நியூசிலாந்துல ஆரம்பிக்குது. ஆக்லாந்துல லிகின்ஸ்னு ஒரு டாக்டர், செம்மறி ஆட்டை வச்சு பிரசவ வலி எப்படி ஆரம்பிக்குதுன்னு ஆராய்ச்சி பண்ணிட்டு இருந்தார். ஸ்டீராய்டு கொடுத்த குட்டிங்க, பொழைக்கவே முடியாத அளவுக்கு முன்னாடியே பிறந்தும் மூச்சு விட்டுச்சு, நுரையீரல் கொஞ்சம் விரிஞ்சிருந்துச்சு. அதைப் பாத்துட்டு அவரும் குழந்தை டாக்டர் ஹோவியும் சேர்ந்து, குறைமாசத்துல பிரசவம் ஆகப்போற 282 தாய்மார்கள்கிட்ட ட்ரையல் நடத்தி 1972-ல பேப்பர் போட்டாங்க. தானா வலி வந்தவங்களோட குழந்தைங்கள்ல, பிறந்த முதல் சில நாள்ல இறந்தது ஊசி போடாத பக்கம் 15 சதவீதம், ஊசி போட்ட பக்கம் 3.2 சதவீதம்.

இதுதான் பிரைமரி ஸ்டடிங்கறது. ஆராய்ச்சி பண்ணினவங்களே நேரா ஆளைச் சேர்த்து, ஊசி போட்டு, எண்ணிப் பாத்து எழுதினது. என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எத்தனாவது வாரம், யாரைச் சேர்த்தாங்க, யாரை விட்டாங்க, எல்லாம் இதுல தான் கிடைக்கும். இதுக்குப் பின்னாடி வேற ஆதாரம் கிடையாது, மத்தவங்க எழுதறது எல்லாமே இதைப் பாத்துதான்.

ஆனா அந்த 15-ம் 3.2-ம் இருக்கே, அதை அப்படியே தூக்கிட்டு வந்துடக்கூடாது. அஞ்சுல நாலு சாவு தடுக்கப்பட்ட மாதிரி தெரியுது இல்லையா? அதுக்கப்புறம் பல நாட்டுல ட்ரையல் நடந்துச்சு, 2006-ல காக்ரேன் ரிவ்யூ 21 ட்ரையலை, 4,269 குழந்தைங்களை ஒண்ணாச் சேர்த்துப் பாத்துச்சு. அதுல வந்த ரிலேட்டிவ் ரிஸ்க் 0.69. அதாவது ஊசி இல்லாம 100 குழந்தை இறக்கற இடத்துல ஊசி போட்டா 69. பெரிய பலன் தான், ஆனா முதல் ட்ரையல் காட்டின அளவு இல்லை. இதை நான் திரும்பத் திரும்பப் பாத்திருக்கேன், ஒரு விஷயத்துல முதல்ல வர்ற சின்ன ஸ்டடி பலனைக் கூட்டித்தான் காட்டும், ஏன்னா ரிசல்ட் அசத்தலா வந்ததனால தான் அது எல்லார் கண்ணுலயும் படுது. ஸோ, "பலன் இருக்கா"ங்கறதுக்கு முதல் ஸ்டடி நல்ல துப்பு, "எவ்வளவு"ங்கறதுக்கு அதை மட்டும் நம்பாதீங்க.

இதுக்கு நேர் எதிரான சிக்கலும் இருக்கு. 1972-க்கு அப்புறம் வந்த ட்ரையல்களைத் தனித்தனியா எடுத்துப் பாத்தா பாதிக்கு மேல "தெளிவான வித்தியாசம் இல்லை"ன்னு தான் முடியும். அதனால நிறைய டாக்டர்ங்க இது சந்தேகமான மருந்துன்னு ஒதுக்கி வச்சாங்க. காக்ரேன் அமைப்போட லோகோவை எப்பவாவது உத்துப் பாத்திருக்கீங்களா? நடுவுல செங்குத்தா ஒரு கோடு, அதைச் சுத்தி ஏழு படுக்கைக் கோடு, கீழ ஒரு சின்ன வைரம். அது டிசைனுக்காகப் போட்டது இல்லை, இந்த ஊசியோட ஆரம்பகால ட்ரையல்கள் தான் அது. ஒவ்வொரு படுக்கைக் கோடும் ஒரு ட்ரையல். செங்குத்துக் கோடுன்னா "வித்தியாசம் இல்லை"ங்கற இடம், அதுக்கு இடது பக்கம்னா ஊசி நல்லது. ட்ரையல் சின்னதா இருந்தா கோடு நீளமா இருக்கும், ஏன்னா உண்மை இங்க தொடங்கி அங்க வரைக்கும் எங்க வேணா இருக்கலாம்னு அர்த்தம். ஏழுல பெரும்பாலான கோடு செங்குத்துக் கோட்டைத் தொட்டுட்டு தான் இருக்கு. ஆனா ஏழையும் சேர்த்துப் போட்ட வைரம் கோட்டைத் தொடவே இல்லை, இடது பக்கம் தெளிவா நிக்குது.

ஒவ்வொருத்தனும் "எனக்குச் சரியாத் தெரியலை"ன்னு சொன்னாலும் எல்லாரும் ஒரே பக்கம் தான் சாயறாங்கங்கறது சேர்த்துப் பாத்தா தான் தெரியும். இதுதான் ரிவ்யூவோட பலம், தனி ஸ்டடி எவ்வளவு நேர்மையா எழுதப்பட்டிருந்தாலும் அதுக்கு இந்தப் பார்வை கிடைக்காது. 1989 வரைக்கும் யாரும் இந்த ட்ரையல்களை முறையாச் சேர்த்து ரிவ்யூ போடலை. அந்த இடைவெளியில மூச்சு விட முடியாம இறந்த குறைமாசக் குழந்தைங்களை நினைச்சா எனக்கு இன்னைக்கும் மனசு கனக்கும். எல்லா எண்ணும் அச்சுல இருந்துச்சு, கூட்டிப் பாக்க ஆள் இல்லை.

இங்க ஒண்ணு சொல்லிடறேன். ரிவ்யூன்னு பேர் இருக்கறது எல்லாம் இந்த வகை இல்லை. துறையில பெரிய ஆள் ஒருத்தர் தனக்குத் தெரிஞ்ச பேப்பர்களை வச்சு கட்டுரையா எழுதறதும் ரிவ்யூ தான். ஒரு விஷயம் உடம்புல எப்படி நடக்குது, யார் யார் என்ன சொல்லியிருக்காங்கன்னு புரிஞ்சிக்க அது ரொம்ப நல்லது, நானே புது டாபிக்னா அதுல தான் ஆரம்பிப்பேன். ஆனா அதுல எந்தப் பேப்பரை எடுத்தார், எதை விட்டார்னு நமக்குத் தெரியாது. சிஸ்டமேட்டிக் ரிவ்யூல எந்த டேட்டாபேஸ்ல, எந்தத் தேதி வரைக்கும், என்ன வார்த்தை போட்டுத் தேடினோம், எத்தனை கிடைச்சுது, எதை ஏன் தள்ளினோம்னு எழுதியே ஆகணும். மெத்தட்ஸ் பகுதியில அது இல்லைன்னா, அந்த ரிவ்யூவை அனுபவசாலி ஒருத்தரோட கருத்தாப் படிங்க, அதுல வர்ற எண்ணுக்கு மூலப் பேப்பரைத் தேடிப் போங்க.

சரி, வைரம் கோட்டைத் தொடலைன்னா கண்ணை மூடிட்டு நம்பலாமா? முடியாது. அதுக்கு மெக்னீசியம் கதை தெரியணும், என் கிளாஸ்ல வருஷா வருஷம் இதைச் சொல்லாம நான் விடறதே இல்லை.

மாரடைப்பு வந்தவங்களுக்கு நரம்பு வழியா மெக்னீசியம் ஏத்தினா சாவு குறையுமான்னு 1980-கள்ல பல சின்ன ட்ரையல் நடந்துச்சு. 1991-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல அதுல ஏழு ட்ரையலோட எண்களை ஒண்ணாச் சேர்த்து ஒரு மெட்டா அனாலிசிஸ் வந்துச்சு, மொத்தம் 1,301 பேர். மெக்னீசியம் போட்ட 657 பேர்ல 25 சாவு, போடாத 644 பேர்ல 53 சாவு. சாவு பாதிக்கும் கீழ போயிடுச்சு, மருந்தோ ரொம்ப மலிவு. அடுத்த வருஷமே லெஸ்டர்ல 2,316 பேரை வச்சு நடந்த லிமிட்-2 ட்ரையலும் 118 சாவுக்கு எதிரா 90 சாவுன்னு அதே பக்கம் சாஞ்சுது. 1993-ல இதை எளிமையான, பாதுகாப்பான, விலை குறைஞ்ச சிகிச்சைன்னே தலைப்புல போட்டு எழுதிட்டாங்க. அப்புறம் 1995-ல ஐசிஸ்-4னு ஒரு பெரிய ட்ரையல் வந்துச்சு, 58,050 பேர். மெக்னீசியம் பக்கம் 2,216 சாவு, இல்லாத பக்கம் 2,103 சாவு. ஒரு பலனும் இல்லை. மருந்தை லேட்டாக் கொடுத்துட்டாங்க, அதான் வேலை செய்யலைன்னு சிலர் வாதாடினாங்க, நியாயமான சந்தேகம் தான். அதுக்காகவே சீக்கிரமா மருந்து கொடுக்கற மாதிரி 6,213 பேரை வச்சு மேஜிக்னு ஒரு ட்ரையல் நடந்து 2002-ல ரிசல்ட் வந்துச்சு: ரெண்டு பக்கமும் சாவு கிட்டத்தட்ட 15 சதவீதம் தான்.

அந்த ரிவ்யூ எங்க தடுக்கி விழுந்துச்சு? கூட்டல்ல தப்பு இல்லை. அந்த எண்களைத் திரும்பப் பாருங்க, ரெண்டு பக்கமும் சேர்த்து மொத்தமே 78 சாவு. ஏழு ட்ரையல் சேர்ந்தாலும் முடிவை எழுதினது அந்த 78 பேர் தான். அதோட, சின்ன ட்ரையல் நடத்தறது சுலபம், பலன் வரலைன்னா அதை அனுப்பாம மேஜை டிராயர்லயே விட்டுடறதும் சுலபம். நல்லா வந்தது அச்சேறும், வராதது காணாமப் போகும். ரிவ்யூ எழுதறவங்க அச்சேறினதை மட்டும் தான் கூட்ட முடியும், ஸோ டிராயர்ல இருக்கறது வைரத்துக்குள்ள வரவே வராது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. ரிவ்யூல இருக்கற ட்ரையல்களை அளவு வாரியாப் பாருங்க. சின்னதெல்லாம் பலனை வாரி இறைச்சு, பெருசாகப் பெருசாகப் பலன் தேய்ஞ்சுட்டே வந்தா, டிராயர்ல நிறைய தூங்குதுன்னு சந்தேகப்படணும். ஃபனல் ப்ளாட்னு ரிவ்யூல ஒரு படம் இருக்கும், ட்ரையலுக்கு ஒண்ணா வச்ச புள்ளிங்க கவுத்து வச்ச புனல் மாதிரி ரெண்டு பக்கமும் சமமா விரியணும். மெக்னீசியத்துக்குப் போட்டப்ப ஒரு பக்கம் காலியாக் கிடந்துச்சு.

ஸ்டீராய்டு ஊசிக்கும் இப்படி ஆகியிருக்குமோன்னு கேட்டா, இல்லை. அதுல சாவு மட்டும் இல்லாம மூச்சுத் திணறலும் குறைஞ்சுது, வேற வேற நாட்டு ட்ரையலும் ஒரே பக்கம் நின்னுச்சு, ஆடு பரிசோதனையில பாத்த காரணமும் ஒத்துப்போச்சு. வைரத்துக்குப் பின்னாடி இப்படி வேற தூண்களும் இருக்கான்னு நான் எப்பவும் பாப்பேன்.

இப்ப மாப்பிள்ளை அனுப்பின ரெண்டாவது லிங்க். அதுக்குப் பேர் ஆக்ட் ட்ரையல். காக்ரேன் ரிவ்யூல இருந்த பழைய ட்ரையல்களோட டேபிளை எடுத்து, எந்த நாடு, எந்த ஆஸ்பத்திரின்னு இருக்கற ஒரு நெடுவரிசையை மட்டும் மேலிருந்து கீழ படிச்சீங்கன்னா, பெரும்பாலும் பணக்கார நாட்டுப் பெரிய ஆஸ்பத்திரிங்க. குழந்தை குறைமாசத்துல பிறந்தா உடனே தூக்கிட்டுப் போய் கவனிக்க வார்டு இருக்கற இடம். ஆனா குறைமாசக் குழந்தைங்க அதிகமா இறக்கறது அந்த வசதியே இல்லாத ஊர்கள்ல. ஸோ, ஊசியை அங்கயே கொண்டு போனா என்ன ஆகும்னு அர்ஜென்டினா, குவாட்டமாலா, இந்தியா, கென்யா, பாகிஸ்தான், ஜாம்பியா ஆகிய ஆறு நாட்டுல, ஆளை ஆளா பிரிக்காம ஊரை ஊரா பிரிச்சுப் பாத்தாங்க. ஒரு பக்கத்து ஊர்கள்ல மருத்துவப் பணியாளர்களுக்குப் பயிற்சியும் ஊசியும் கொடுத்தாங்க, மறு பக்கம் வழக்கமான கவனிப்பு. மொத்தம் ஏறக்குறைய ஒரு லட்சம் பிரசவம்.

ரொம்பச் சின்னதாப் பிறந்த குழந்தைங்கள்ல சாவு குறையலை. எல்லாக் குழந்தைங்களையும் சேர்த்துப் பாத்தா 28 நாளுக்குள்ள இறந்தது ஊசி கொண்டுபோன ஊர்கள்ல ஆயிரத்துக்கு 27.4, மத்த ஊர்கள்ல 23.9. ஆயிரத்துக்கு மூணரை குழந்தை கூடுதல். தாய்மார்கள்கிட்ட நோய்த்தொற்று சந்தேகமும் ஊசி ஊர்கள்ல தான் அதிகம்.

இதைப் படிச்சா யாருக்கும் வயித்தைக் கலக்கும், மாப்பிள்ளை பயந்ததுல தப்பே இல்லை. ஆனா இந்த இடத்துல ரிசல்ட்டை விட்டுட்டு மெத்தட்ஸ்க்குப் போகணும். அந்த ஊர்கள்ல பெரும்பாலான பொண்ணுங்களுக்கு ஆரம்பத்துல ஸ்கேன் எடுத்து வாரம் குறிச்சு வச்சிருக்க மாட்டாங்க. கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சேன்னு ஞாபகம் இருக்கறதை வச்சோ, வயித்தை அளந்து பாத்தோ தான் கணக்கு. அதனால குறைமாசம்னு நினைச்சு ஊசி போட்ட நிறையப் பேருக்குக் குழந்தை அப்படிச் சின்னதாப் பிறக்கவே இல்லை. நுரையீரல் ஏற்கனவே முதிர்ந்த குழந்தைக்கு இந்த ஊசியால என்ன லாபம்? அபாயம் மட்டும் தான் மிச்சம். சின்னதாவே பிறந்த குழந்தைக்கும், பிறந்தப்புறம் வேணுங்கற கவனிப்பு கிடைக்கலைன்னா நுரையீரல் கொஞ்சம் முதிர்ந்தது மட்டும் காப்பாத்தாது. ஆக்ட் சோதிச்சது வெறும் மருந்தை இல்லை, "இந்த மருந்தை இந்த மாதிரி ஊர்ல இந்த மாதிரி கொடுக்கறது"ங்கற திட்டத்தை. தலைப்பையும் அப்ஸ்ட்ராக்ட்டையும் மட்டும் படிச்சா இந்த வித்தியாசம் நழுவிடும்.

இப்ப ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. ஊசி வேலை செய்யுமாங்கற கேள்விக்கு ரிவ்யூவை நம்பலாம், ஆனா அது யாருக்கெல்லாம் பொருந்தும்ங்கறதை ரிவ்யூவோட சராசரி எண் சொல்லாது. எங்க, யார்கிட்ட, எப்படிக் கொடுத்தா என்ன ஆச்சுங்கறதுக்கு ஆக்டை நம்பலாம், ஆனா அந்த ஒரு ஸ்டடியை வச்சு "ஊசியே விஷம்"னு சொன்னா அது ஆக்ட் சொல்லாத விஷயம். உலக சுகாதார நிறுவனமும் 2015-ல ஊசியை நிறுத்தச் சொல்லலை, நிபந்தனை போட்டுச்சு: வாரக் கணக்கு சரியாத் தெரியணும், சீக்கிரமே பிரசவம் ஆகும்னு இருக்கணும், தாய்க்குத் தொற்று இருக்கக்கூடாது, பிரசவத்துக்கும் குழந்தைக்கும் நல்ல கவனிப்பு இருக்கணும்.

அதோட விடலை. நிபந்தனை எல்லாம் சரியா இருந்தா ஏழை நாட்டுலயும் பலன் வருமான்னு பாக்க இன்னொரு ட்ரையல் வச்சாங்க, ஆக்‌ஷன்-1. வங்கதேசம், இந்தியா, கென்யா, நைஜீரியா, பாகிஸ்தான், மொத்தம் 29 ஆஸ்பத்திரி, 2,852 தாய்மார்கள். ஸ்கேன் வச்சு வாரம் பாத்து, 26-ல இருந்து 34 முடியறதுக்குள்ள, பிரசவம் நெருங்கினவங்களை மட்டும் சேர்த்து, பாதிப் பேருக்கு டெக்ஸாமெதசோன் 6 மில்லிகிராம் 12 மணி நேரத்துக்கு ஒண்ணு, மிச்சப் பேருக்கு மருந்து இல்லாத வெத்து ஊசி. 2020-ல ரிசல்ட்: 28 நாளுக்குள்ள இறந்த குழந்தைங்க மருந்து இல்லாத பக்கம் 23.5 சதவீதம், மருந்து போட்ட பக்கம் 19.6 சதவீதம். பலன் தெளிவாத் தெரிஞ்சதால பாதியிலயே நிறுத்தினாங்க. 25 தாய்மாருக்குப் போட்டா ஒரு குழந்தை கூடுதலாப் பொழைக்குது. அதே வருஷக் கடைசியில காக்ரேன் ரிவ்யூவும் இதைச் சேர்த்துப் புதுப்பிச்சாங்க, 27 ட்ரையல், 20 நாடு, ரிலேட்டிவ் ரிஸ்க் 0.78. பழைய 0.69-ஐ விடப் பலன் கொஞ்சம் கம்மியாத் தெரியுது பாருங்க. இதனால தான் எந்த ரிவ்யூவைத் திறந்தாலும் நான் முதல்ல எந்தத் தேதி வரைக்கும் தேடியிருக்காங்கன்னு பாப்பேன், 2006 ரிவ்யூவை வச்சுட்டு இன்னைக்குப் பேசினா ஆக்‌ஷன்-1-ஐ தெரியாமலே பேசறோம்னு அர்த்தம்.

அன்னைக்கு ராத்திரி மாப்பிள்ளைகிட்ட இதெல்லாம் சொல்லலை. மூணே கேள்வி தான் கேட்டேன். "மாசக் கணக்கு ஸ்கேன்ல பாத்ததா, இல்ல நாள் கணக்கா?" பத்தாவது வாரத்துல எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட் பையிலேயே இருக்குன்னார். "தங்கச்சிக்குக் காய்ச்சல், தொற்று ஏதாவது இருக்குன்னு சொன்னாங்களா?" இல்லை. "அந்த ஆஸ்பத்திரியில பச்சக்குழந்தை ஐசியூ இருக்கா?" ரெண்டாவது மாடியில இருக்குன்னார்.

"அப்ப நீங்க அனுப்பின ரெண்டாவது பேப்பர்ல இருக்கற பொண்ணு என் தங்கச்சி இல்லை, மாப்ள. மூணாவதா ஒரு பேப்பர் இருக்கு, அதோட லிங்க் அனுப்பறேன், அதுல முதல் டேபிளை மட்டும் பாருங்க."

கொஞ்ச நேரம் கழிச்சு அந்த டேபிளோட ஸ்க்ரீன்ஷாட்டே திரும்ப வந்துச்சு, சேர்க்கும்போது எத்தனை வாரம்னு இருந்த வரிசையைச் சுத்தி சிவப்புல வட்டம் போட்டு.